மூன்று மடிப்புத் தாளின் முகம்

என் பிழைப்பைக் கெடுத்த மனிதரை நான் எப்போதோ மன்னித்துவிட்டதாக என் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். மன்னிக்கவில்லை. அவர் எனக்குச் செய்ததையும், நான் அவருக்குத் திருப்பிச் செய்ததையும் வரிசை தவறாமல் எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக எண்ணம். நாட்குறிப்பில் அங்கங்கே ஒரு வரி, இரண்டு வரியாகக் கிடக்கிறது. முழுதாக எழுதுவது இப்போதுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகும் வழியில், மிளகு கிடங்குகளுக்கு நடுவே, ஒரு சின்ன அச்சகம். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். பின்னால் ஆஃப்செட் இயந்திரம். முன்னறையில் நான். முதலாளிக்குப் பாலக்காட்டுப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ்தான். எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலேயே முனிசிபாலிட்டி வேலைக்கென்று கொச்சிக்கு வந்தது. அதனால் எங்கள் இருவருக்கும் இடையே பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒரு கடைப் பேச்சு ஓடும். அவர் என்னைப் "பெண்ணே" என்பார். நான் முதலாளி என்பேன்.

அவர் கெட்டிக்காரர்தான். ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர். கல்யாணக் குறி என்கிற பத்திரிகை, பள்ளிவாசல் நோட்டீஸ், பில் புத்தகம் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். ஆனால் அந்த வருடங்களில்தான் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். மசாலாக் கடைக்காரர்களும் பழஞ்சாமான் கடைக்காரர்களும் வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்களும் மூன்றாக மடிக்கும் தாள் கேட்டார்கள். அது அவர் கைக்குப் பழகாத பொருள்.

எனக்கும் அது பிறவியிலேயே தெரிந்ததல்ல. முதல் தடவை ஒரு வெற்றுத் தாளை எடுத்து மூன்றாக மடித்து, கையில் பிடித்துப் படிக்கிற வரிசையில் பென்சிலால் எண் போட்டேன். முகப்பு ஒன்று. திறந்தால் உள்ளே இடமிருந்து வலமாக இரண்டு, மூன்று, நான்கு. உள்ளே மடிந்து போகிற மடலின் வெளிப்பக்கம் ஐந்து. முதுகு ஆறு. பிறகு தாளை விரித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். உள்பக்கம் ஒழுங்காக இரண்டு, மூன்று, நான்கு என்று இருந்தது. வெளிப்பக்கத்தைத் திருப்பினால் இடமிருந்து வலமாக ஐந்து, ஆறு, ஒன்று. முகப்பு வலது ஓரத்தில். கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மடித்தால்தான் நியாயம் புரியும்.

வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு சேச்சி எங்களிடம் அப்படி ஒரு தாள் அடிக்கக் கொடுத்தார். கணவர் வெளிநாட்டில். சொந்தக் கையால் அப்பமும் முட்டைக்கறியும் செய்து போடுகிறவர். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பக்கத்தைப் படுக்கைவாக்கில் திருப்பி, செய்தித்தாள் போல நெடுக மூன்று பத்தி போட்டு, ஒரு பத்தி முடிகிற இடத்தில் அடுத்த பத்திக்குத் தள்ளும் முறிப்பு வைத்து, ஐந்து, ஆறு, ஒன்று என்று அமைத்தேன். மடித்துக் காட்டினேன். "மிடுக்கி" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்; கெட்டிக்காரி என்று பொருள்.

அன்று நான் வீட்டுக்குப் போன பிறகு சேச்சி தொலைபேசியில் கூப்பிட்டு, படகுத்துறையிலிருந்து வழி எப்படி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். முதலாளி கோப்பைத் திறந்திருக்கிறார். வீட்டின் பெயரும் படமும் வலது ஓரத்தில் கிடப்பதைப் பார்த்து, என் தவறு என்று நினைத்து, அவராகவே திருத்தியிருக்கிறார்.

காலையில் நான் போனபோது பிளேட் இயந்திரத்தில் ஏறியிருந்தது.

"பெண்ணே, கவரைக் கொண்டுபோய் கடைசியில வச்சிருந்தியே! நல்ல வேளை நான் பார்த்தேன்."

"முதலாளி, அது அங்கதான் இருக்கணும். மடிச்சுப் பாருங்க."

"எந்தா மடிக்கிறது? புத்தகம் எங்க இருந்து தொடங்கும்? இடது பக்கம். நான் நீ பொறக்கும் முன்னே இந்தப் பணி தொடங்கினவன்."

"இது புத்தகம் இல்லையே."

"மதி, மதி. போதும். போய் பில்புக் வேலையைப் பாரு."

மடித்த ஒரு தாளை அவர் முன்னால் வைத்தேன். அதன் மேல் சாயா கிளாஸை வைத்தார்.

மடிக்கிற வேலையைச் சேச்சியே வீட்டில் வைத்துச் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்ததால், தாள்கள் விரித்தபடியே கட்டுக் கட்டாகப் போயின. இரண்டு நாள் கழித்து, கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், சேச்சி மடித்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் முதுகு வந்திருந்தது: வழி சொல்லும் வரிகளும், அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரும். வீட்டின் படம் உள்ளே மடிந்து போயிருந்தது.

"இது எந்தா இது? என்ற வீட்டின்ற நோட்டீஸோ, நிங்ஙள்ட பிரஸ்ஸின்ற நோட்டீஸோ?"

என் வீட்டுத் தாளா, உங்கள் அச்சகத்துத் தாளா என்று சேச்சி கேட்டதும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"சேச்சி, மன்னிக்கணும். இவ பண்ணின பணி. எது முகம், எது முதுகுன்னு தெரியாத ஒருத்தியை வச்சு நான் பாடுபடறேன்."

நான் வாயைத் திறந்தேன். "ஒண்ணும் பறயண்டா!" என்று கத்தினார். சேச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன பார்வை. மிடுக்கி என்று தட்டிய அதே கையால் முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலையே எனக்கு வேலை இல்லை என்றாயிற்று.

வேலை போனதை நான் தாங்கியிருப்பேன். அவர் அதோடு விடவில்லை. அச்சகத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. அங்கேதான் அந்தத் தெருவின் அச்சகக்காரர்களும் பைண்டிங் ஆட்களும் நிற்பார்கள். கதையை அங்கே தினமும் சொன்னார். முகத்தையும் முதுகையும் மாற்றி வைத்தவள் என்று அவர் சொல்லச் சொல்ல, ஆட்கள் சேர்த்துச் சேர்த்துச் சிரித்தார்கள். மட்டாஞ்சேரியில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் "ஆள் வேண்டா" என்றார்கள். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "நீங்க அந்த முகம் மாத்தின ஆள் அல்லே?" நான் அந்தச் சாயாக்கடையைக் கடக்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "பெங்ஙளே, முகம் ஏது பாகத்து?" தங்கச்சி, முகம் எந்தப் பக்கம் என்று. பின்னாலேயே சிரிப்பு.

என் சொந்த ஊரில் எனக்கு வேலை இல்லாமல் போனது. படகேறி எர்ணாகுளம் போய், பிராட்வேயில் ஒரு மாடிக் கடையில் சேர்ந்தேன். சந்தைக் கூச்சலுக்கு மேலே, ஜன்னல் இல்லாத அறை. போகவும் வரவும் படகில் உட்கார்ந்து அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். அவர் நாசமாக வேண்டும் என்று வேண்டியதில்லை. அது எனக்குப் போதாது. அவர் தன் வாயால், அந்தச் சேச்சியின் முன்னால், செய்தது யார் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் அந்தக் காட்சியை நடத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் நிற்கிற இடத்தை மாற்றிப் பார்ப்பேன். அது எனக்குச் சுகமாக இருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

சில வருடங்களில் வீட்டு முன்னறையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்தேன். மட்டாஞ்சேரி வேலை எதுவும் வரவில்லை. களமசேரிப் பக்கத்து மாணவர்களின் ஆய்வுத் தாள்களும் எர்ணாகுளத்துக் கடைகளின் விலைப்பட்டியலும்தான். என் சந்தில் குடியிருந்தவர்களே கல்யாணக் குறியைத் தாண்டிப் போய் வேறு கடையில் அடித்தார்கள்.

பிறகு அந்த ஹர்த்தால் வந்தது. எதற்காக என்று நினைவில்லை. கேரளத்தில் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கடைகள் அடைப்பு, பஸ் இல்லை, படகு இல்லை. பகல் பதினோரு மணி இருக்கும். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், அவர். முன்னந்தலை நரைத்திருந்தது. சட்டைப் பையில் ஒரு சி.டி.

"தங்கச்சி, சௌக்கியமா?"

பெண்ணே போய் தங்கச்சி வந்திருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அந்தச் சேச்சி இப்போது பக்கத்து வீட்டையும் சேர்த்து ஆறு அறைகள் வைத்திருக்கிறார். புதிய தாள் ஒன்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை எர்ணாகுளத்திலிருந்து ஒரு பயண ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வருகிறார். அவர் கையில் கொடுக்க வேண்டும். இவருடைய ஆபரேட்டர் துபாய்க்குப் போய்விட்டதால் இவரே அடித்திருக்கிறார். சேச்சி அதைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை ஒழுங்காக வராவிட்டால் இனி உங்கள் படியேற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மற்ற கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருக்கின்றன. நடந்து போகிற தூரத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற வீடு என்னுடையது ஒன்றுதான்.

"அதிகம் ஒண்ணும் இல்லை. ஒரு சின்ன ஒத்தாசை. எழுத்து மட்டும் எடம் மாறிப் போவுது."

சி.டி.யைப் போட்டேன். அவர் அடித்ததை அப்படியே ஒரு தாளில் எடுத்தேன். இரண்டாம் பக்கத்துக்குத் தாளை அவர் எப்படித் திருப்பிப் போட்டார் என்று கேட்டு, அதேபோல் திருப்பிப் போட்டேன். மூன்றாக மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"சேட்டா, முகம் ஏது பாகத்து?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க நான் அத்தனை வருடம் காத்திருந்தேன். கையிலிருந்த தாளின் முகப்பில் "முட்டைக்கறி" என்ற சொல்லின் ஆங்கிலம் பாதியில் தொங்கியது. காலை உணவுப் பட்டியலின் வால் அது. வீட்டின் பெயர் உள்மடலில் பாதியும் முதுகில் பாதியுமாகக் கிடந்தது. திறந்தால் உள்பக்கம் முழுவதும் தலைகீழ்.

"கொல்லாதே" என்றார் மெல்ல.

கோப்பைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் நெட்டைவாக்குப் பக்கத்தில் மூன்று பத்தி போட்டு எல்லாவற்றையும் அடித்திருக்கிறார். ஒரு விஷயத்தை அடுத்த பத்திக்குக் கொண்டுபோக, என்டர் பொத்தானைத் தட்டித் தட்டி வெற்று வரிகளால் தள்ளியிருக்கிறார். பிறகு யாரோ சொல்லி, பக்கத்தைப் படுக்கைவாக்கில் மாற்றியிருக்கிறார். பத்தி அகலமாகிக் குட்டையாகிவிட்டது. வரிகள் வேறு இடத்தில் முறிந்தன. அவர் தள்ளி வைத்த வெற்று வரிகள் இப்போது வேறு இடத்துக்குத் தள்ளின. ஒன்று நகர்ந்ததும் பின்னால் இருந்ததெல்லாம் அடுத்த அடுத்த மடிப்பில் போய் விழுந்தது. ஒரு இடத்தில் சரிசெய்ய இன்னும் இரண்டு என்டர் போட்டிருக்கிறார். அது மற்ற இடங்களைக் கெடுத்திருக்கிறது.

"சரியாக்க முடியுமா?"

"முடியும். ஆனா சேச்சி இங்க வரணும்."

"அவங்க எதுக்கு?"

"அன்னைக்கு அவங்க முன்னால என்னைக் காட்டி ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு அவங்க முன்னால நிஜத்தைச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம்தான் பிரிண்டர் ஓடும்."

"அதெல்லாம் பழைய காரியம். நீ இப்பவும் அதை வச்சுக்கிட்டு..."

"வச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

சி.டி.யை எடுத்து உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு வெளியேறினார். சந்தின் முனைவரை போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். முனையில் நின்றார். மெயின் ரோட்டில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தேன். திரும்பி வந்தபோது அவர் மறுபடியும் வாசலில் நின்றார்.

"போன் இருக்கா?" என்றார்.

சேச்சி நடந்து வருவதற்குள் வேலையைத் தொடங்கினேன். அவர் பின்னால் நின்று பார்த்தார், நான் மறைக்கவில்லை. தெரிந்துகொள்ளட்டும், தெரிந்தால் உறைக்கும் என்று நினைத்தேன். வெற்று வரிகள் எல்லாவற்றையும் அழித்தேன். ஆவணம் முழுவதற்கும் படுக்கைவாக்குதானா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். மூன்று பத்தி. ஓர விளிம்பு எவ்வளவோ அதைப்போல் இரு மடங்கு, பத்திகளுக்கு நடுவே இடைவெளி. அப்போதுதான் மடிப்பு சரியாக இடைவெளியின் மத்தியில் விழும். உள்ளே மடிகிற மடலின் பத்தியை மட்டும் ஒரு நூல் குறைத்தேன், மடிக்கும்போது முட்டாமல் இருக்க. அந்த மடல் வெளிப்பக்கத்தில் இடது ஓரம், உள்பக்கத்தில் வலது ஓரம். அதனால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாகக் குறைக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கத்துக்கு மடல், முதுகு, முகப்பு; உள்பக்கத்துக்கு வரவேற்பு, அறைகள், சாப்பாடு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பத்தி முறிப்பு. இனி சாப்பாட்டில் நான்கு வரி கூட்டினாலும் முகப்பு அசையாது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். அன்னைக்கும் இவ்வளவுதான் இருந்தது. நீங்கதான் கை வச்சீங்க."

சேச்சி குடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. அவரைத் திரும்பிப் பார்த்து, "இவிடெயோ?" என்றார். இவளிடமா கொண்டுவந்தாய் என்பது அதில் இருந்தது. நான் நாற்காலியைச் சேச்சிக்குக் கொடுத்தேன். முதலாளி நின்றார்.

"சேச்சி," என்று ஆரம்பித்தார், "பண்டு ஒரு தடவை அந்தத் தாளில ஒரு தெற்று வந்தது அல்லே. அது, பின்னே, பிரஸ்ஸில சம்பவிச்சது."

பிரிண்டரின் மேல் வைத்திருந்த கையை நான் எடுக்கவில்லை. "பிரஸ்ஸுக்குக் கை இருக்கா?"

"ஆபரேட்டர் போட்டது சரியா இருந்தது. ராத்திரி கொஞ்சம் மாத்தினாங்க."

"யாரு மாத்தினாங்க? பேயா?"

அவர் தரையைப் பார்த்தார். "ஞான் தன்னே. நான்தான் மாத்தினேன். இவ வேண்டாம்னு சொன்னா. மடிச்சுக்கூடக் காட்டினா. நான் கேக்கல. பின்னே சேச்சி கடையில நின்னு கத்தினப்போ, ஆளுங்க முன்னால, நாவில இவ பேர் வந்துட்டது."

 சேச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஈஸ்வரா," என்றார் அவரைப் பார்த்து, "இத்ர காலம் ஞான் ஈ குட்டியெ கண்டால் ரோடு மாறி நடந்நு." இத்தனை காலம் என்னைக் கண்டால் ரோடு மாறி நடந்தாராம். என் பக்கம் திரும்பி, "நீ எந்தே வந்நு பறஞ்ஞில்லா?" என்று கேட்டார். ஏன் வந்து சொல்லவில்லை என்று.

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா, சேச்சி?"

சேச்சி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் ஒரு பதில்தான்.

தாளைப் பிரிண்டரில் வைத்தேன். முதல் பக்கம் வந்ததும், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, குறுகிய ஓரத்தைப் பிடித்துத் திருப்பித் திரும்ப வைத்தேன். படுக்கைவாக்குத் தாளை அப்படித்தான் திருப்ப வேண்டும்; நீண்ட ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாகிவிடும். அவர் செய்தது அதுதான். தாள் சூடாக வெளியே வந்தது. மடித்து, சேச்சியிடம் கொடுக்காமல் அவரிடமே கொடுத்தேன். அவர்தான் சேச்சியிடம் நீட்ட வேண்டியிருந்தது. முகப்பில் வீடு, வாசல் மரம், பெயர். சேச்சி திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இனி எல்லாம் நின்றடுத்து" என்றார் சேச்சி என்னிடம். இனி எல்லாம் உன்னிடம்தான். அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். அதை நான் கேட்டு வாங்கவில்லை. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சேச்சி போன பிறகு அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மதியாயோ? இப்போ திருப்தியா?"

அத்தனை வருடம் நான் வேண்டிக் காத்திருந்தது அந்த ஒன்றுதான். அது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட தோரணையில், ஒரு பில்லைத் தீர்த்துவிட்டுக் கிளம்புகிறவரின் அவசரம் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். சேச்சியிடம் அவர் அந்தப் பொய்யைச் சொன்னது ஒரே ஒரு தடவை. என் பிழைப்பை அடைத்தது அதுவல்ல.

"இல்லை" என்றேன். "சாயாக்கடை பாக்கி இருக்கு."

"தங்கச்சி!"

"மிச்சத் தாள் எல்லாம் இங்கதான் எடுக்கணும். நாளைக் காலையில கடை திறந்ததும் நீங்க அங்க வாங்க. நான் கட்டோடு வர்றேன். சொல்லி முடிச்சதும் கட்டு உங்க கையில. ஏஜென்ட் வர்றதுக்குள்ள நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம்."

 "நீ ஒரு வல்லாத்த பெண்ணு" என்றார். பொல்லாதவள் என்று; அது வசவுதான். எனக்கு அது வசவாகப் படவில்லை.

மறுநாள் காலையில் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். பாய்லர் ஆவி, வெற்றிலைச் சாறு, முந்தைய நாள் அடைப்பைப் பற்றிய பேச்சு. அவர் முன்னமே வந்து, கையில் கிளாஸோடு நின்றார். என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் பைண்டிங்காரர் ஒருவர் ஆரம்பித்தார்: "பெங்ஙளே, முகம் ஏது..."

"டோ, நிறுத்து" என்றார் அவர்.  "அதை மாத்தினது இவ இல்ல. நான். இத்தனை நாளும் நான் சொன்னது பொய்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாய்லருக்குப் பின்னாலிருந்து கடைக்காரர், "அப்போ இனி யாரைப் பாத்து கேக்கணும், சேட்டா?" என்றார். கடையே வெடித்தது. அவர் காதுமடல் வரை சிவந்தார். பைண்டிங்காரர் அவர் முதுகைத் தொட்டு, "இது முகமோ, முதுகோ?" என்று கேட்டார். அவர் சிரிக்க முயன்று, முடியாமல், என்னிடமிருந்து கட்டை வாங்கிக்கொண்டு, பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தக் கடையில் பெண்கள் நின்று சாயா குடித்து நான் பார்த்ததில்லை. நானும் அதுவரை குடித்ததில்லை. "ஒரு ஸ்ட்ராங்" என்றேன். ஆட்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் தெருவைக் கடந்து, கட்டை இடுக்கிக்கொண்டு சேச்சி வீட்டுப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ கூவினார்கள். அவர் திரும்பவில்லை. நான் மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.